மூன்றாம் மாதத்துப் பாக்கிப் பட்டியல்

2024 மே 31, வெள்ளிக்கிழமை. கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தில் ஏழு வருடம் கணக்குப் பார்த்த எனக்கு அதுதான் கடைசி நாள். கணக்குப் பிரிவை வேறு ஊரில் இருக்கும் தலைமை அலுவலகத்தோடு சேர்த்துவிட்டார்கள். நாலு பேர் வெளியே வந்தோம். கையில் ரிலீவிங் லெட்டர், மூன்று மாதச் செலவுக்கான பணம், யூகேஜி படிக்கும் மகள். ஜூன் போனது, ஜூலையும் போனது. ஆகஸ்டில்தான் தினமும் ராத்திரி நாலு வரி எழுதி வைக்க ஆரம்பித்தேன். அந்த நோட்டில் இருந்ததை, தேவையான இடத்தில் விளக்கம் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

காலையில் மாமனார் போன். "எத்தனை இடத்துல போட்டிருக்கீங்க மாப்பிள்ளை?" வாய்க்கு வந்தபடி "நூறு இருக்குமுங்க மாமா" என்றேன். வைத்த பிறகு உறுத்தியது. ஏழு வருடம் அடுத்தவன் பாக்கியை நாள் கணக்குப் போட்டு வைத்திருந்தவன், என் கணக்கை ஒரு தாளில்கூட எழுதவில்லை.

உட்கார்ந்து மெயிலையும் நௌக்ரி என்ற வேலைத் தளத்தில் இருந்த பழைய விண்ணப்பங்களையும் தோண்டி எக்செல்லில் ஏற்றினேன். மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. மொத்தம் 212. வந்த அழைப்பு ஐந்து, நேர்காணல் ஒன்று.

கடன்காரர் பட்டியல் போடுவது போலவே பிரித்தேன். 58 விண்ணப்பம் சென்னைக்கும் பெங்களூருக்கும். நான் ஊர் மாறப் போவதில்லை என்று எனக்கே தெரியும், ஆனாலும் போட்டிருக்கிறேன். 47 இடத்தில் சிஏ இன்டர் அல்லது எஸ்ஏபி கேட்டிருந்தார்கள். என்னிடம் இரண்டும் இல்லை. மீதியில் 71 விளம்பரம், நான் பார்த்தபோதே ஒரு வாரத்துக்கு மேல் பழையது. ஆக, வசூலாக வாய்ப்புள்ள பாக்கி 36தான். 176 வாராக்கடன். வந்த ஐந்து அழைப்பும் அந்த 36-க்குள்தான் இருந்தன.

கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. இரண்டு மாதமாக "212 பேர் என்னை வேண்டாம் என்றார்கள்" என்று நினைத்துத்தான் தூங்காமல் கிடந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி, ஆடிப்பெருக்கு

சென்னையிலிருந்து சித்தி மகள் வந்திருந்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவள், கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் கன்சல்டன்சியில் வேலை. அம்மா சித்ரான்னம் ஐந்து வகை செய்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும், "உன் ரெஸ்யூமைக் காட்டு தம்பி" என்றாள்.

அவள் அதைப் படிக்கவில்லை. பிடிஎஃபைத் திறந்தாள், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள், காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினாள். ஜூனில் இரண்டு நாள் உட்கார்ந்து, இரண்டு பத்தியாக, நீலப் பட்டையும் புள்ளி மதிப்பெண்ணுமாக நான் அலங்கரித்தது இப்படி வந்து விழுந்தது:

```
Tally Prime ●●●●○ Senior Associate
GST ●●●●● Finance Shared 2017 –
TDS ●●●○○ Operations 2024
```

"நாங்க தேடறப்ப மெஷின் பாக்கறது இந்த மாதிரிதான் இருக்கும். இதுல நீ என்ன வேலை பாத்தேன்னு யாருக்காவது புரியுதா?"

பிறகு, கணக்காளர் தேவை என்று ஒரு கம்பெனி கேட்டால் தான் என்ன செய்வாள் என்று சொன்னாள். நௌக்ரியில் ஆள் தேடும் பக்கத்தில் "அக்கவுண்டன்ட், ஜிஎஸ்டி, டேலி, டிடிஎஸ்" என்று தட்டுவாள். கோவை, ஐந்து முதல் எட்டு வருட அனுபவம். அவசரம் என்றால் உடனே சேரக்கூடியவர்கள் மட்டும். கடைசியாக, சமீபத்தில் தளத்துக்குள் வந்து போனவர்கள் மட்டும். முதல் இரண்டு பக்கத்தில் பத்துப் பதினைந்து பேருக்குப் போன் போட்டால் போதும், வேலை முடிந்துவிடும்.

அந்தச் சல்லடையில் நான் எங்கே விழுந்தேன் என்று பார்த்தோம். என் பதவி, பழைய கம்பெனி கொடுத்த அலங்காரப் பெயர்: 'சீனியர் அசோசியேட், ஃபைனான்ஸ் ஷேர்டு ஆபரேஷன்ஸ்'. 'அக்கவுண்டன்ட்' என்ற சொல் என் பக்கத்தில் ஓரிடத்தில்கூட இல்லை. இன்னொன்று இதைவிட மோசம். `Notice period` என்ற இடத்தில் 2021-ல் சும்மா பதிந்து வைத்த `2 Months` அப்படியே கிடந்தது. வேலை போய் இரண்டு மாதம் ஆனவன், சேர இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. "பத்துல மூணு பேர் இப்படித்தான் வெச்சிருக்காங்க" என்றாள். பத்துக்கு மூன்று என்பது என் மனசு நோகாமல் இருக்கச் சொன்னதாகத்தான் இருக்கும்.

மாற்றியதற்கு ஆன நேரம் இருபது நிமிடம். `15 Days or less` என்று திருத்தினேன். தலைப்பு வரியில் 'அக்கவுண்டன்ட், 7 வருடம், ஜிஎஸ்டி, டிடிஎஸ், டேலி பிரைம், கோவை, உடனே சேரலாம்' என்று வருமாறு எழுதினேன். ரெஸ்யூமை ஒரே பத்தியாக வேர்டில் அடித்தேன். பழைய பதவிப் பெயரை மறைக்கவில்லை. ரிலீவிங் லெட்டரில் அதுதான் இருக்கிறது, பின்னால் சரிபார்க்கும்போது மாட்டும். அதற்குப் பக்கத்தில் கோடு போட்டு 'கணக்காளர் பணி' என்று சேர்த்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று முழுக்க ஒரே ஒரு வரியோடு மல்லுக்கட்டு. பழைய ரெஸ்யூமில் 'ஜிஎஸ்டி வேலைகளைக் கவனித்தேன்' என்று இருந்தது. யார்தான் கவனிக்கவில்லை?

நான் உண்மையில் என்ன செய்தேன்? மாதம் சுமார் 420 கொள்முதல் பில். 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி, அதாவது சப்ளையர்கள் போர்ட்டலில் ஏற்றிய பில்களின் பட்டியல், வந்ததும் நம் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். அதில் வராத பில்லுக்கு வரி வரவு எடுக்க முடியாது, அதாவது கொள்முதலில் கொடுத்த வரியை நாம் கட்டும் வரியில் கழிக்க முடியாது. ஒவ்வொரு காலாண்டிலும் முதல் இரண்டு மாதம் வரவு குறைந்து, மூன்றாம் மாதம் மொத்தமாக வந்தது. முதலாளி என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். தேடிப் பார்த்தபோது, சப்ளையர்களில் 11 பேர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிறவர்கள் என்று தெரிந்தது. அவர்கள், இடைப்பட்ட மாதங்களில் பில்லை மட்டும் ஏற்றும் ஐஎஃப்எஃப் வசதியில் பில்லை 13-ஆம் தேதிக்குள் ஏற்றினால் நமக்கு அந்த மாதமே வரவு வந்துவிடும். ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கெஞ்சி, எட்டுப் பேரை வழிக்குக் கொண்டுவந்தேன்.

இதை இரண்டு வரியில் சுருக்கி எழுதினேன். ஏழு வருடத்தில் சொல்லிக்கொள்ள இப்படி மூன்று விஷயம்தான் தேறியது. மூன்று போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

தளத்திலிருந்து இந்த வாரம் இரண்டு அழைப்பு. ஜூலை முழுக்க வந்ததும் இரண்டுதான்.

ஆடிட்டர் ஆபீஸ்களுக்கு நேரில் போகலாம் என்று ராம் நகர் போனேன். சின்னக் கம்பெனிகளில் கணக்காளர் நின்றுவிட்டால் முதலாளி முதலில் சொல்வது ஆடிட்டரிடம்தான். பெரும்பாலும் அது விளம்பரமாக வெளியே வருவதே இல்லை. இது எனக்கு முன்னாடியே தெரியும். தெரிந்தும் ஏன் போகவில்லை? கூச்சம்தான். அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் என்னை 'பம்ப் கம்பெனி சார்' என்று அறிந்தவர்கள்.

போன நாளும் தப்பு. மறுநாள் 11-ஆம் தேதி, விற்பனைப் பில்களை ஏற்றும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னுக்குக் கடைசி நாள். ஆபீஸில் ஒருவர் இரண்டு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க, இருபத்தொண்ணுக்கு மேல வாங்க" என்றார். மூன்று ஆபீஸிலும் இதே கதை.

வீட்டுக்கு வந்து காலண்டரில் வட்டம் போட்டேன். 7 டிடிஎஸ், 11 ஜிஎஸ்டிஆர்-1, 20 வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. இந்த நாட்களை ஒட்டி யாரையும் பார்க்கப் போகக்கூடாது. 21 முதல் மாதக் கடைசி வரைதான் நம் காலம். அதோடு ஜூலை 31-ல் வருமான வரி ரிட்டர்ன் முடிந்துவிட்டது, அடுத்தது செப்டம்பர் 30-க்குள் டாக்ஸ் ஆடிட். புத்தகம் எழுதி முடிக்காத கம்பெனிகளுக்கு வயிற்றில் நெருப்பு எரியும் காலம் இது. அம்மா 'ஆடி போகட்டும்' என்கிறாள். ஆடியைவிட டியூ டேட்தான் எனக்குக் குறுக்கே நிற்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

தளம் வழியாக வந்த நேர்காணல். பீளமேடு பக்கம். கோட்டை விட்டேன், இரண்டு இடத்தில்.

"ஏன் வேலையை விட்டீங்க?" என்றார் மேலாளர். நான் ஆரம்பித்தேன். தலைமை அலுவலகம், புது மேனேஜர், எங்களிடம் கடைசி வரை சொல்லாதது, எங்களோடு இருந்த வேறு இரண்டு பேருக்கு மட்டும் வேறு பிரிவு கொடுத்தது... அவர் பேனாவை மூடி வைத்தார். நான் நிறுத்தவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கேட்டது ஒரு தகவல், நான் கொடுத்தது ஒரு வழக்கு.

இரண்டாவது, எக்செல் பரீட்சை. கொள்முதல் பட்டியலையும் 2பி-யையும் கொடுத்து ஒப்பிடச் சொன்னார்கள். பழைய ஆபீஸில் யாரோ எப்போதோ செய்து வைத்த ஃபைல் இருந்தது. நான் ஏழு வருடமும் அதில் ஒட்டி மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இங்கே பில் நம்பரை வைத்து, தேடிப் பொருத்தும் விலுக்கப் சூத்திரம் போட்டால் வரிசையாக `#N/A`, கிடைக்கவில்லை என்று. புத்தகத்தில் 0147, போர்ட்டலில் 147/24-25. நாற்பது நிமிடம் கையாலேயே தேடினேன்.

ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து அதையே வீட்டில் போட்டுப் பார்த்தேன். பில் நம்பரை ஆளுக்கு ஒரு மாதிரி அடிப்பார்கள், அதை நம்பக்கூடாது. ஜிஎஸ்டி எண்ணும் வரித் தொகையும் மாறாது. இரண்டையும் சேர்த்து ஒரு சாவி செய்தால் போதும். ஏ பத்தியில் ஜிஎஸ்டி எண், ஈ பத்தியில் வரித் தொகை என்றால்:

```
=A2&"|"&ROUND(E2,0)
```

இரண்டு பட்டியலிலும் இந்தச் சாவியைப் போட்டு அதன்மேல் விலுக்கப். ஒரே சப்ளையர் ஒரே தொகைக்கு இரண்டு பில் போட்டிருந்தால் இது ஏமாற்றும். முதலில் எண்ணிக்கை பார்க்கும் கவுன்டிஃப் போட்டு, ஒன்றுக்கு மேல் வரும் சாவிகளைத் தனியே எடுத்து, அவற்றை மட்டும் பில் நம்பரோடு கண்ணால் பார்க்க வேண்டும். வரியில் ஒரு ரூபாய் அப்படி இப்படி இருப்பவையும் தப்பித்துவிடும், அவற்றையும் கையால்தான். மூன்று முறை முதலிலிருந்து செய்தேன். மூன்றாவது தடவை பதினெட்டு நிமிடம்.

ஆகஸ்ட் 17, சனி, ஆவணி 1

ஒரு போன். "செலக்ட் ஆயிட்டீங்க, ரிஜிஸ்ட்ரேஷன் 1,500 ரூபா மட்டும் கட்டுங்க." நேர்காணலே நடக்கவில்லை. வைத்துவிட்டேன். மனைவியிடம் சொன்னபோது, "ஜூன்ல வந்திருந்தா கட்டிருப்பீங்க" என்றாள். கட்டியிருப்பேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

20 முடிந்தது. நேற்றும் இன்றுமாகப் பதினான்கு ஆபீஸ். ஐந்தில் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார்கள், அந்த அளவுக்கு வித்தியாசம். போவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பியது இது:

'வணக்கம் சார். பம்ப் கம்பெனியில் ஏழு வருடம் கணக்குப் பார்த்தவன். ஜிஎஸ்டி, டிடிஎஸ், டேலி பிரைமில் ஃபைனலைசேஷன் வரை செய்வேன். கம்பெனியில் கணக்குப் பிரிவை இடம் மாற்றியதால் மே 31-ல் வெளியே வந்தேன். உங்கள் கிளையன்ட்டில் யாருக்காவது ஆள் தேவைப்பட்டால், திங்கட்கிழமையே சேர முடியும்.'

"வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று ஜூனில் முப்பது பேருக்கு அனுப்பியிருந்தேன். அதைப் படித்தவர் அதை யாருக்கு அனுப்புவார்? இதை அப்படியே ஃபார்வர்டு செய்யலாம். ஒருவர் என் கண் முன்னாலேயே செய்தார். குறிச்சி சிட்கோவில் ஒரு மெஷினிங் யூனிட். கணக்குப் பார்த்த பெண் கல்யாணமாகி ஜூனில் போய்விட்டார், புத்தகம் அப்படியே நிற்கிறது, டாக்ஸ் ஆடிட் வேறு.

வெளியே வரும்போது ஆடிட்டர் ஒன்று சொன்னார். "நாப்பத்திமூணு பி எச் பாத்துட்டுப் போங்க தம்பி. அவரு அதைப் பத்தித்தான் ராத்திரியெல்லாம் தூங்காம இருக்காரு."

வருமான வரிச் சட்டத்தின் அந்தப் பிரிவு இந்த வருட ஆடிட்டில்தான் முதல்முறையாக வருகிறது. குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்த உற்பத்தியாளருக்கோ சேவை தருபவருக்கோ, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். கெடு தாண்டியும் மார்ச் 31-ல் பாக்கி நின்றால் அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது. பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். நடுத்தர நிறுவனத்துக்கு இது பொருந்தாது, வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் பொருந்தாது. யார் எந்த வகை என்று, அந்தப் பதிவுக்குக் கொடுக்கும் உத்யம் சான்றிதழை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். ராத்திரி ஒரு காலிப் பட்டியல் தயாரித்தேன்: சப்ளையர், உத்யம் எண், வகை, ஒப்பந்தம் உண்டா, பில் தேதி, கெடு தேதி, மார்ச் 31 பாக்கி.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

குறிச்சி. ஷெட்டுக்குள் கூலன்ட் எண்ணெய் வாடை. முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும், மேசை மேல் பில் கட்டு ரப்பர் பேண்டோடு.

"ஏனுங், அங்க எதுக்கு நின்னீங்க?"

"கணக்குப் பிரிவை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. குடும்பம் இங்க, அதனால நான் போகலைங்க."

அவ்வளவுதான். குடும்பத்தோடு வா என்று யாரும் அழைக்கவில்லை என்பது வேறு விஷயம். அழைத்திருந்தாலும் போயிருக்க மாட்டேன், அதனால் பொய்யில்லை. அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பதினான்காம் தேதி நான் ஐந்து நிமிடம் எடுத்த இடம் இது.

டேலியில் ஏறாமல் எக்செல் பட்டியலாக மட்டும் இருந்த ஜூலை கொள்முதல், 62 பில். ஒப்பிட்டுக் காட்டச் சொன்னார். பில் நம்பரை வைத்துப் பார்த்தால் 23 பொருந்தவில்லை. சாவி போட்டதும் ஒன்பதாகக் குறைந்தது. அதில் ஐந்து காலாண்டு ரிட்டர்ன் போடும் சப்ளையர்களுடையது, செப்டம்பர் பில்லோடு சேர்ந்து வரும். மூன்று, எங்கேயும் ஏறவில்லை, போன் போட வேண்டும். ஒன்று, ஒரே பில்லை இரண்டு தடவை என்ட்ரி போட்டது. அந்த ஒன்றைக் காட்டியபோதுதான் நாற்காலியை முன்னால் இழுத்து உட்கார்ந்தார்.

பிறகு காலிப் பட்டியலை எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதை ரொப்பறதுக்கு எத்தன நாளாகும்?" என்றார். உத்யம் சான்றிதழ் எத்தனை பேரிடம் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்றேன். ஒன்றுகூட வாங்கவில்லை. பத்து நாள் என்றேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

26,500 என்றார். பழைய சம்பளம் 27,500. நான் 28,000 கேட்டேன். 27,000, பிஎஃப் உண்டு, ஏப்ரலில் பார்ப்போம் என்பதில் நின்றது. 'ஏப்ரலில் பார்ப்போம்' என்பதை லெட்டரில் எழுதித் தரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுதினார்.

ஆகஸ்ட் 31, சனி

கணக்கு முடித்தேன். ஆகஸ்டில் தளத்தில் போட்டது 31 விண்ணப்பம், வந்த அழைப்பு ஆறு, நேர்காணல் இரண்டு, இரண்டும் அமையவில்லை. ஆடிட்டர்கள் வழியாக நாலு தகவல், நேர்காணல் இரண்டு, வேலை ஒன்று. ரெஸ்யூமைத் திருத்தியதால் வேலை கிடைத்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. திருத்தம் எனக்குப் பீளமேட்டு நேர்காணலைக் கொண்டுவந்தது. அங்கே தோற்றதால்தான் குறிச்சியில் கை நடுங்கவில்லை. ஆடிட் காலமாக இல்லாமல் இது டிசம்பராக இருந்திருந்தால் அந்தப் பதினான்கு ஆபீஸில் எத்தனை பேர் டீ கொடுத்திருப்பார்கள் என்பதும் சந்தேகம்தான். ஜூனிலேயே `2 Months`-ஐ மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கு வவுச்சர் இல்லை.

செப்டம்பர் 2, திங்கள்

ஒன்பது மணிக்குச் சேர்ந்தேன். ஜூன் 12-க்குப் பிறகு டேலியில் ஒரு என்ட்ரிகூட இல்லை. 7-ஆம் தேதி பிள்ளையார் சதுர்த்தி; டிடிஎஸ் சலானை 6-ஆம் தேதியே போட்டாக வேண்டும். ரப்பர் பேண்டைக் கழற்றினேன், அறுந்து போனது.